திரையில் 96, நோட்டில் 41

திரையில், இணையதளத்தின் அழைப்புப் பொத்தானை அழுத்தியது 96 என்றிருந்தது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த நோட்டில், கடைக்கு வந்த அழைப்பு 41 என்றிருந்தது. கடை ஒன்றுதான், எண்ணிய நான்கு வாரங்களும் ஒன்றுதான், தொலைபேசி எண்ணும் ஒன்றுதான். கடைக்கார அக்கா இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மீதி 55 பேர் எங்கே தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடையை உறுதிசெய்ய எனக்கு ஒரு வாரம் ஆனது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். சிறு கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுத்துப் பராமரிப்பது என் தொழில். அக்காவின் கடை கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது. பண்ருட்டியிலிருந்து முந்திரிப் பருப்பு வாங்கி, தரம் பிரித்துச் சில்லறையாகவும் பார்சலாகவும் விற்கிறார்கள். கடையை அக்கா பார்த்துக்கொள்கிறார். கொள்முதலுக்கு அவருடைய மாமனார் போய்வருகிறார்.

2024 தீபாவளி முடிந்ததும் வழக்கம்போல மாதக் கணக்கைக் காட்டினேன். இத்தனை பேர் வந்தார்கள், சராசரியாக இத்தனை நொடி தங்கினார்கள், இத்தனை பேர் பக்கத்தின் அடிவரை போனார்கள். "கடை வாசலில் எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்று நான் கணக்கு வைத்துக்கொள்வதில்லையே" என்றார் அக்கா. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது; அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரை மூழ்கடித்தது. டிசம்பர் கணக்கில் வருகை சரிந்திருந்ததைப் பார்த்து, "இணையதளம் கெட்டுவிட்டதா?" என்று கேட்டார். கெட்டுவிட்டதா இல்லையா என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வருகையைத் தவிர வேறு எதையும் நான் எண்ணியிருக்கவில்லை.

இத்தனைக்கும் முன்பு எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். இணையதளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸின் பழைய பதிப்பு 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை ஏற்பதை நிறுத்தியது. அதில் நான் அமைத்திருந்த இலக்குகளை, அதாவது வருகிறவர் செய்தால் எண்ண வேண்டும் என்று குறித்துவைத்த செயல்களை, புதிய பதிப்பில் மறுபடி அமைக்காமல் சோம்பிவிட்டேன். போதாக்குறைக்குப் பெயரும் மாறிக்கொண்டே வந்தது. பழையதில் Goals என்றிருந்ததைப் புதியதில் Conversions என்றார்கள். 2024 மார்ச்சில் அதையும் Key events என்று மாற்றினார்கள். பழைய வழிகாட்டிக் கட்டுரையைத் திறந்துவைத்துக்கொண்டு, அதில் சொல்லியிருக்கும் பொத்தானைத் திரையில் காணாமல் விழிப்பவர்கள் பலர். காரணம் இந்தப் பெயர் மாற்றம்தான்.

ஜனவரியில் ஒரு மதியம் கடையில் உட்கார்ந்து எதை எண்ணுவது என்று பேசினோம். நான் பத்துப் பதினைந்து இலக்குகளை எழுதிக்கொண்டு போயிருந்தேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "இது நடந்தால் எனக்கு என்ன வரும்?" விலைப்பட்டியலைத் திறந்து பார்த்தால் என்ன வரும்? ஒன்றும் வராது. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால்? அதற்கும் ஒன்றுமில்லை. கடைசியில் மூன்றுதான் நின்றன. கடைக்கு அழைப்பது, வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவது, ஆர்டர் படிவத்தை நிரப்புவது.

முந்திரி வாங்குகிறவர்கள் நேரே பணம் கட்டிவிடுவதில்லை. W320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, ஏறக்குறைய 320 பருப்பு நிற்கும் தரம். எண் குறையக் குறையப் பருப்பு பெரிதாகும், விலையும் ஏறும். இது பலருக்குத் தெரியாது. "பாயசத்துக்கு எது போதும்?", "இந்த வருடத்துப் பருப்பா?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்குவார்கள். அதனால் இந்தக் கடைக்குப் படிவத்தைவிடப் பேச்சுதான் முக்கியம். புடவைக் கடைக்கோ தங்கும் விடுதிக்கோ இந்தப் பட்டியல் வேறாகத்தான் இருக்கும்.

அமைப்பதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. கைபேசியில் அழைப்புப் பொத்தான் என்பது `tel:` என்று தொடங்கும் ஓர் இணைப்பு. வாட்ஸ்அப் பொத்தான் `https://wa.me/` என்று தொடங்கும் இணைப்பு. அனலிட்டிக்ஸ் தானாகவே எண்ணுகிற சில விஷயங்கள் உண்டு. வெளித்தளத்துக்குப் போகும் இணைப்பு என்பதால் வாட்ஸ்அப் அழுத்தல் அதில் எப்படியோ பதிந்துவிடும். அழைப்புப் பொத்தான் பதியாது, அதை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அனலிட்டிக்ஸின் நிரல்துண்டு ஏற்கெனவே இருக்கிற பக்கத்தில், அதற்குக் கீழே இதைச் சேர்த்தேன்:

```html
<script>
if (location.search.indexOf('kadai=1') > -1) {
  localStorage.setItem('kadai', '1');
}
document.addEventListener('click', function (e) {
  var a = e.target.closest('a');
  if (!a || localStorage.getItem('kadai')) return;
  if (a.href.indexOf('tel:') === 0) {
    gtag('event', 'call_click');
  } else if (a.href.indexOf('https://wa.me/') === 0) {
    gtag('event', 'whatsapp_click');
  }
});
</script>
```

இதில் `kadai` என்று வருவது நமக்காக வைத்தது. கடையில் இருப்பவர்களும் நானும் பொத்தானை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்போம். அதெல்லாம் கணக்கில் ஏறிவிடக் கூடாது. கடை இணையத்தில் இணையும் ஐ.பி. முகவரியைக் கொடுத்து விலக்கும் வசதி அனலிட்டிக்ஸிலேயே இருக்கிறது. ஆனால் கைபேசித் தரவில் அந்த முகவரி மாறிக்கொண்டே இருப்பதால் அந்த வசதியால் எங்களுக்குப் பயனில்லை. அதற்குப் பதிலாக, இணையதள முகவரியின் இறுதியில் `?kadai=1` சேர்த்து எங்கள் கைபேசிகளில் ஒருமுறை திறந்துவிட்டோம். அதன் பிறகு அந்த உலாவியிலிருந்து போகும் அழுத்தல்கள் எண்ணப்படாது. வருகை மட்டும் பதியும், அது பரவாயில்லை. முதலில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். நான் தலைகீழாகச் செய்துவிட்டு, ஏன் எதுவும் பதியவில்லை என்று அரை மணி நேரம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன்.

சோதிக்க Realtime அறிக்கை போதும். கடந்த 30 நிமிடங்களில் நடந்தது அதில் தெரியும். பொத்தானை அழுத்தினால் சில நொடிகளில் `call_click` வந்து நிற்க வேண்டும். மற்ற அறிக்கைகளில் வந்துசேர ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். அன்றைக்கே அங்கே போய்ப் பார்த்துவிட்டு நிரல் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். நிகழ்வு ஒருமுறை பதிந்தபின் Admin பகுதியிலுள்ள Events பட்டியலில் அதைக் கண்டுபிடித்து, `Mark as key event` என்று குறிக்க வேண்டும். குறித்த நேரத்திலிருந்துதான் அது இலக்காக எண்ணப்படும், பழைய நாட்களுக்குப் பொருந்தாது. ஆகவே சோம்பிய ஒவ்வொரு வாரமும் போனது போனதுதான்.

எண்ணும் முறையிலும் ஒரு தேர்வு உண்டு. ஒவ்வொரு நிகழ்வையும் எண்ணலாம், அல்லது ஒரு வருகைக்கு ஒருமுறை மட்டும் எண்ணலாம். எண் பிஸியாக இருந்தால் ஒருவரே நான்கு முறை அழுத்துவார். அவரை நான்கு வாடிக்கையாளராகக் காட்டுவது யாருக்கும் நல்லதல்ல. அழைப்புக்கும் வாட்ஸ்அப்புக்கும் வருகைக்கு ஒருமுறை என்று வைத்தேன். படிவத்துக்கு மட்டும் ஒவ்வொன்றையும் எண்ணும்படி விட்டேன், ஒரே ஆள் இரண்டு ஆர்டர் போடலாம் என்பதால்.

முதல் வாரம் வீணாகப் போனது. ஜனவரிக் கடைசியில் ஒரு வாரக் கணக்கைக் காட்டியபோது அக்கா எண்களை விரலால் தடவிக்கொண்டே வந்தார். 12, 8, 14, 6, 10. "என்ன தம்பி, எல்லாம் இரட்டைப்படையாகவே வருகிறது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இதே வேலையைச் செய்யும் ஒரு நிரலைப் பல மாதங்களுக்கு முன் டேக் மேனேஜர் என்ற கூகுளின் இன்னொரு கருவியில் அரைகுறையாக அமைத்துவைத்து மறந்திருந்தேன்; அதுவும் அதே பெயரில் நிகழ்வை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு அழுத்தலுக்கு இரண்டு பதிவு. அந்த அறிக்கையில் நான் எடுத்துக்காட்டியது நிகழ்வுகளின் மொத்த எண்ணிக்கை. வருகைக்கு ஒருமுறை என்ற விதி இலக்குக் கணக்குக்கு மட்டும்தான், மொத்த எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தாது. Realtime அறிக்கையைத் திறந்துவைத்து, பொத்தானை ஒரே ஒருமுறை அழுத்தி, 1 என்று வருகிறதா 2 என்று வருகிறதா என்று பார்த்திருந்தால் பத்து நொடியில் தெரிந்திருக்கும். நான் "வருகிறதா" என்று மட்டும்தான் பார்த்தேன். பழையதை நீக்கிவிட்டு, அந்த வாரத்தைத் தூக்கிப் போட்டேன்.

திரைக்கு இந்தப் பக்கம் கடையிலும் ஒரு கணக்கு வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தியதை மட்டுமே அனலிட்டிக்ஸ் பார்க்கிறது. அழைப்பு போனதா, யாராவது எடுத்தார்களா, பருப்பு விற்றதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அதற்காக இரண்டு காரியம் செய்தோம்.

ஒன்று, இணையதளத்துக்கென்றே ஒரு புதிய சிம். பெயர்ப்பலகையிலும் பொட்டலத்திலும் இருப்பது பழைய எண். இணையதளத்தில் மட்டும் புதியது. அக்காவின் கைபேசியில் இரண்டு சிம் போடலாம், ஆகவே எந்த எண்ணுக்கு அழைப்பு வருகிறது என்று திரையிலேயே தெரியும். இதைவிட மலிவான அழைப்புக் கணக்கு எனக்குத் தெரியவில்லை. குறை இல்லாமல் இல்லை. மடிக்கணினியில் பார்ப்பவர் எண்ணைப் படித்துவிட்டுக் கையால் போட்டு அழைப்பார். அப்போது அழைப்பு இருக்கும், அழுத்தல் இருக்காது. எண்ணைச் சேமித்துவைத்தவர் அடுத்த மாதம் இணையதளத்தைப் பார்க்காமலே அழைப்பார். அதனால் இரண்டு கணக்கும் ஒருபோதும் ஒன்றாக வராது. வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது, வாட்ஸ்அப் இணைப்பில் முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு குறிப்பு. ஒவ்வொரு தரத்தின் பக்கத்திலும் இப்படிப் போட்டேன்:

```html
<a href="https://wa.me/91XXXXXXXXXX?text=web-W320">
```

எண்ணுக்கு முன் நாட்டின் குறியீடு வர வேண்டும். கூட்டல் குறியோ முன்னால் பூஜ்யமோ கூடாது. அழுத்துகிறவருடைய பெட்டியில் `web-W320` என்று ஏற்கெனவே எழுதியிருக்கும். அவர் அனுப்பினால் போதும். கடைக்கு வரும்போதே இது இணையதளத்திலிருந்து, இந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். சிலர் அதை அழித்துவிட்டுச் சொந்தமாக எழுதுவார்கள். பெரும்பாலோர் அப்படியே அனுப்பிவிட்டு அடுத்த வரியில் கேள்வி கேட்டார்கள்.

பிறகு நோட்டு. நான் ஐந்து கட்டம் போட்டுக் கொடுத்தேன். கடையில் கூட்டம் இருக்கும்போது ஐந்து கட்டத்தை யார் நிரப்புவார்கள்? இரண்டாம் நாளே நின்றுவிட்டது. அக்கா தானாக ஒரு முறை வைத்துக்கொண்டார். அழைப்பு முடிந்ததும் ஒரே எழுத்து. பருப்பு பற்றிக் கேட்டால் "ப", ஏற்கெனவே வாங்கிய பார்சல் எங்கே என்று கேட்டால் "பா", மற்றதெல்லாம் "வே". விற்றுவிட்டால் எழுத்தைச் சுற்றி ஒரு வட்டம். அவ்வளவுதான். ஒருநாள்கூட அது நின்றதில்லை.

பிப்ரவரி 3 முதல் மார்ச் 2 வரை நான்கு வாரம் ஒழுங்காக எண்ணினோம். இணையதளத்துக்கு 1,240 வருகை. திரையில் அழைப்பு 96, வாட்ஸ்அப் 71, படிவம் 9. ஆக 176. வருகையில் 14 சதவீதம்! இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அறிக்கை எழுதியிருந்தால் என் கட்டணத்தை உயர்த்தியே கேட்டிருக்கலாம்.

நோட்டில் வேறு உலகம். புதிய சிம்முக்கு வந்த அழைப்பு, ஒரே ஆள் திரும்ப அழைத்ததைக் கழித்தால், 41. குறிப்போடு வந்த வாட்ஸ்அப் செய்தி 44. படிவம் 6. வட்டம் போட்டவை அழைப்பில் 8, வாட்ஸ்அப்பில் 17, படிவத்தில் 6. மொத்தம் 31 விற்பனை. வருகையில் இரண்டரை சதவீதம்.

படிவத்தின் 9 எப்படி 6 ஆனது என்பது எளிதில் பிடிபட்டது. படிவம் போனதும் நன்றி சொல்லும் பக்கம் திறக்கும். அந்தப் பக்கம் திறப்பதையே நான் எண்ணினேன். பணம் அனுப்பிவிட்டோமே, ஆர்டர் போனதா என்ற கவலையில் மூன்று பேர் அந்தப் பக்கத்தை மறுபடி திறந்திருக்கிறார்கள். ஆர்டர் எண்ணை `transaction_id` என்று சேர்த்து `purchase` நிகழ்வாக அனுப்பும்படி மாற்றினேன். அதே ஆள் அதே எண்ணோடு மறுபடி வந்தால் அனலிட்டிக்ஸ் அதை இரண்டாவது விற்பனையாகச் சேர்த்துக்கொள்ளாது. வாங்கியவரின் பெயரையோ கைபேசி எண்ணையோ மட்டும் இந்தத் தரவோடு அனுப்பக் கூடாது. கூகுளின் விதி அதை அனுமதிப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் 71-க்கும் 44-க்கும் உள்ள இடைவெளி எனக்கு வியப்பாக இல்லை. உரையாடல் திறந்ததும் மனம் மாறுவது இயல்பு, குறிப்பை அழித்துவிட்டு எழுதியவர்களும் அந்த இடைவெளியில் இருப்பார்கள். அழைப்பின் 96-க்கும் 41-க்கும்தான் என்னிடம் பதில் இல்லை.

பதில் அன்று மாலையே கிடைத்தது. அக்காவின் தங்கை மகன், கல்லூரியில் படிக்கிற பையன், கடையில் உட்கார்ந்து எங்கள் இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கையில் கைபேசி. கட்டைவிரலால் பக்கத்தை மேலே தள்ளிக்கொண்டே போகிறான். திரையின் வலது கீழ் மூலையில், எப்போதும் மிதந்துகொண்டிருக்கும்படி, பச்சை வட்டத்தில் அழைப்புப் பொத்தான் வைத்திருந்தேன். என் வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பொத்தான் அது. அவன் விரலைத் தள்ளத் தொடங்கும் இடமும் அதேதான். மூன்றாவது தள்ளலில் விரல் அதன்மேல் பட்டது, எண்ணோடு அழைப்புத் திரை எழுந்தது, "ச்சே" என்று பின்னால் போனான். அழைப்பு போகவில்லை. ஆனால் அழுத்தல் பதிந்திருக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே இன்னொரு முறையும் பட்டது.

ஒரு பையனை வைத்து முடிவுகட்ட முடியாது. அடுத்த ஒரு வாரம், மார்ச் 3 முதல் 9 வரை, அந்த மிதக்கும் பொத்தானுக்கு மட்டும் `call_float` என்று தனிப் பெயர் கொடுத்தேன். பக்கத்துக்குள், விலைக்குக் கீழே இருக்கும் பொத்தானுக்குப் பழைய பெயர். வாரக் கடைசியில் மிதந்தது 19, உள்ளே இருந்தது 5, சிம்முக்கு வந்த அழைப்பு 9. உள்ளே அழுத்திய ஐந்து பேரும் அழைத்தார்கள் என்று வைத்துக்கொண்டால், மிதந்த 19-இலிருந்து வந்தது அதிகபட்சம் நான்கு; அவர்களில் ஒருவரும் அழைக்கவில்லை என்றாலும் ஒன்பதைத் தாண்டாது. அக்கா தேடிய 55 பேரில் பெரும்பகுதி கட்டைவிரல்கள்.

மிதக்கும் பொத்தானை எடுத்துவிட்டேன். மனசே இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு தரத்தின் விலைக்குக் கீழேயும் "கடைக்கு அழைக்க" என்று எழுத்தில், திரையின் அகலத்துக்கு ஒரு பட்டை வைத்தேன். தேடிப் போய் அழுத்தினால்தான் அழுந்தும்.

நோட்டில் இருந்த எழுத்துகள் இன்னொன்றும் சொல்லின. 41 அழைப்பில் "ப" 22, "பா" 13, "வே" 6. மூன்றில் ஒரு பங்கு அழைப்பு, பார்சல் எங்கே என்று கேட்டு வந்தது. அவர்கள் ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள். பார்சல் தாமதமாகிறதே என்ற எரிச்சலோடு எண்ணைத் தேடி இணையதளத்துக்கு வந்தவர்கள். அனலிட்டிக்ஸ் அவர்களையும் வெற்றி என்றே எண்ணிக்கொண்டிருந்தது. கூரியர் சொதப்பினால் எங்கள் இலக்கு உயரும் என்பதுதான் நிலைமை! அன்றிலிருந்து, பார்சல் அனுப்பிய மாலையே அதன் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது என்று அக்கா வைத்துக்கொண்டார். இது இணையதள வேலையே அல்ல. ஆனால் இணையதளக் கணக்கிலிருந்துதான் தெரிந்தது.

மார்ச் 10 முதல் ஏப்ரல் 6 வரை மறுபடியும் நான்கு வாரம். இந்த முறை திரையில் அழைப்பு 96-லிருந்து 52-ஆக இறங்கியது. கிட்டத்தட்ட பாதி. திரையை மட்டும் பார்க்கிறவர் நான் ஏதோ உடைத்துவிட்டேன் என்றுதான் சொல்வார். நோட்டில் மொத்த அழைப்பு 34. அதில் "ப" 25, "பா" 4, "வே" 5. வட்டம் 9. பருப்பு கேட்டு வந்தவர்கள் குறையவில்லை, கொஞ்சம் கூடியிருந்தார்கள். எட்டு ஒன்பதானதை வளர்ச்சி என்று சொல்ல மாட்டேன். இவ்வளவு சிறிய எண்ணில் ஒரு கல்யாண வீடு வந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். ஆனால் கணக்கு சுத்தமானது. முன்பு நூறு அழுத்தலுக்கு 43 அழைப்பு என்றால் இப்போது 65.

வாட்ஸ்அப் குறிப்புகளிலும் ஒரு பயன் இருந்தது. இரண்டாகப் பிளந்த பருப்புக்கு ஒரு பக்கம் இருக்கிறது. விலை குறைவு, அழகும் குறைவு. மெனுவின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். பிப்ரவரிக் கணக்கில் அதற்கு 110 வருகைதான். ஆனால் 44 செய்திகளில் 9 அந்தப் பக்கத்தின் குறிப்போடு வந்திருந்தன. அவற்றில் 6 விற்பனை. யாரென்று பார்த்தால் சமையல் காண்டிராக்டர்களும் வீட்டில் இனிப்பு செய்து விற்கிறவர்களும். அவர்களுக்குப் பருப்பு முழுதாக இருந்து என்ன ஆகப்போகிறது, அரைக்கத்தானே போகிறார்கள். அதை முகப்புக்குக் கொண்டுவந்தேன். பெரிய பருப்பின் படத்தைத்தான் முன்னால் வைக்க வேண்டும் என்று மாமனார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இத்தனையும் ஆனபிறகு ஒரு பெருக்கல் கணக்கு போட முடிந்தது. ஓர் ஆர்டரில் கூரியர், பெட்டி எல்லாம் போகக் கையில் நிற்பது சராசரியாக 210 ரூபாய் என்று அக்கா சொன்னார். பிப்ரவரியில் 41 அழைப்பில் 8 விற்பனை, 1,680 ரூபாய். ஓர் அழைப்புக்கு 41 ரூபாய். வாட்ஸ்அப்பில் 44 செய்தியில் 17 விற்பனை, 3,570 ரூபாய்; ஒரு செய்திக்கு 81 ரூபாய். அழைப்பைவிடச் செய்தி இரண்டு மடங்கு மதிப்பு. காரணம் நோட்டைப் பார்த்தாலே புரியும்: பார்சல் கேட்கிறவர்கள் அழைக்கிறார்கள், வாங்க நினைப்பவர்கள் தரத்தின் படத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறார்கள். பட்டையில் வாட்ஸ்அப்பை முதலிலும் அழைப்பை இரண்டாவதாகவும் மாற்றி வைத்தேன்.

இந்த மதிப்பு ஏப்ரலில் உடனே உதவியது. ஒரு விளம்பர நிறுவனத்திலிருந்து ஒருவர் அழைத்து, மாதம் 10,000 ரூபாய்க்கு 200 வாடிக்கையாளர் விசாரணை உறுதி என்றார். அக்கா கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். விசாரணை என்று எதை எண்ணுகிறீர்கள் என்று நான் கேட்டேன். கொஞ்சம் சுற்றிவிட்டு, அழைப்புப் பொத்தானையோ வாட்ஸ்அப் பொத்தானையோ அழுத்துவதைத்தான் என்றார்.

நோட்டின் பின் அட்டையில் கணக்கு போட்டேன். எங்களுக்கு அழைப்பும் வாட்ஸ்அப்புமாக 167 அழுத்தலில் 25 விற்பனை, நூற்றுக்குப் பதினைந்து. தானாகத் தேடி வந்தவர்களிடம் கிடைத்த விகிதம் அது; விளம்பரத்தைப் பார்த்து வருகிறவர்களிடம் அவ்வளவு கிடைக்காது. அப்படியே கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் 200-க்கு 30 விற்பனை, 6,300 ரூபாய். மாதம் 3,700 ரூபாய் கையை விட்டுப் போகும்.

"பொத்தானை அழுத்துவதற்கு இல்லை, குறிப்போடு வந்து விழும் செய்திக்கு மட்டும் பணம் வாங்கிக்கொள்வாரா, கேளுங்கள்" என்றேன். அக்கா கேட்டார். மேலாளரிடம் பேசிவிட்டு அழைக்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார்.

அந்த அழைப்பும் இணையதளத்து சிம்முக்குத்தான் வந்திருந்தது. அக்கா பேனாவை எடுத்து, அன்றைய தேதிக்கு நேரே "வே" என்று எழுதினார்.